பார்த்திராத அப்புச்சிக்குத் துக்கம் கேட்பது

சாவு வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது என்று நம் ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பேசவேண்டிய தேவையே அங்கே பெரும்பாலும் வராது. பல ஊர்களில் வாசலில் வரிசையாக நிற்கும் ஆண்கள் கையை நீட்டுவார்கள். வந்தவர் ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டே உள்ளே போவார். மாலையைப் போட்டுவிட்டுச் சற்று நின்று, வெளியே வந்து பந்தலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் தணிந்த குரலில் "எப்ப எடுக்கறாங்க?" என்பார். கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது. எழுந்து நடக்க வேண்டியதுதான். வந்தார், இருந்தார், போனார் என்பதே அங்கு செய்தி. வாயால் சொல்ல எதுவும் மிச்சமில்லாதபடி நம் முன்னோர் எல்லாவற்றையும் காலாலும் கையாலும் செய்கிற காரியமாக வைத்துவிட்டார்கள்.

செல்பேசியில் வரும் சாவுக்கு இந்த வசதி இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பன் விடிகாலையில் "தாத்தா தவறிட்டாரு, ஊருக்குப் போயிட்டிருக்கேன்" என்று எழுதுகிறான். நாம் சென்னையில் இருக்கிறோம். அவன் தாத்தாவை நாம் பார்த்ததில்லை. அவர் ஊர் எந்தப் பக்கம் என்பதுகூடச் சரியாகத் தெரியாது. போய் நிற்கிற அளவுக்கு உறவும் இல்லை, சும்மா விட்டுவிடுகிற அளவுக்குத் தூரமும் இல்லை. திரையில் வெற்றுக் கட்டம் திறந்திருக்கிறது. அதில் நான்கு வரி எழுத வேண்டும். முன்பின் பார்க்காத ஒருவருடைய சாவுக்கு என்ன எழுதுவது?

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் "ஆர்.ஐ.பி." என்று மூன்றெழுத்தோ, "ஆழ்ந்த இரங்கல்" என்று இரண்டு சொல்லோ போட்டு, கைகூப்பும் படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது குற்றமில்லை. நூறு பேர் இருக்கும் குழுவில் அதுதான் சரியும்கூட. அங்கே அது தலையைக் காட்டிவிட்டு வருவதற்குச் சமம். ஆனால் நெருங்கிய நண்பனுக்குத் தனியாக எழுதும்போது அது போதாது. ஏன் போதாது என்று புரிந்துகொள்ள, அந்த வீட்டில் பேரனுடைய இடம் எது என்று பார்க்க வேண்டும்.

நம் சடங்கில் துக்கம் கேட்கப்படுவது பிள்ளைகளிடம். கொள்ளி வைக்கும் மகன்தான் முதல் ஆள். பிறகு மற்ற மகன்கள், மகள்கள், மருமக்கள், பங்காளிகள், சம்பந்திகள் என்று வரிசை போகும். பேரன் பேத்திகளுக்கு நெய்ப்பந்தம் பிடிக்கிற வேலை உண்டு. எரியும் பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உடலைச் சுற்றி வருவார்கள். அது முடிந்தால் அவர்கள் சடங்கு முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் வேலைக்காரர்கள். ஐஸ் பெட்டிக்குச் சொல்வது, பந்தல்காரரைப் பிடிப்பது, அஞ்சலிப் போஸ்டருக்கு நல்ல போட்டோவாகத் தேடிக் கொடுப்பது, விமானத்தில் வரும் அத்தையை அழைத்துவரக் கார் அனுப்புவது, வந்தவர்களுக்குக் காபி கொடுப்பது. இருபத்தைந்து முப்பது வயதில் செல்பேசியும் பைக் சாவியும் கையில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தானே. அழுவதற்கு அவர்களுக்கு நேரமும் இல்லை, அவர்களிடம் வந்து கை நீட்டுபவரும் இல்லை.

போதாததற்கு, வயதானவர் சாவு என்றால் ஊர் அதைக் கல்யாணச் சாவு என்று கொண்டாடிவிடுகிறது. தொண்ணூறைத் தொட்டவருக்குப் பறையும் வெடியும் உண்டு, ஆட்டம் உண்டு. அந்த ஆட்டத்துக்கு நடுவே ஒரு பேத்தி தேம்பி அழுதால் "அட, என்ன இது, நல்லா வாழ்ந்து போயிருக்காங்க" என்று யாராவது தட்டி எழுப்பிவிடுவார்கள். அலுவலகத்துக்குத் திரும்பினாலோ கதை வேறு. தனியார் நிறுவனங்களில் துக்க விடுப்பு என்று ஒன்று இருந்தாலும் அது பல இடங்களில் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் என்ற வட்டத்தோடு நின்றுவிடுகிறது. பாட்டி செத்துப்போனதாகச் சொல்லி லீவு போடுவது நம்மிடையே பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவரும் நகைச்சுவை வேறு. உண்மையிலேயே பாட்டியைப் பறிகொடுத்தவன் லீவு கேட்கும்போதுகூட மேலாளர் முகத்தில் ஒரு கணம் அந்தச் சிரிப்பு வந்து போகும்.

முதுமையியல் பேராசிரியரான அமெரிக்கர் கென்னத் டோக்கா 1989-ல் தொகுத்து வெளியிட்ட ஒரு நூலில் இந்த மாதிரியான துக்கத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். ஊரறிய அழ முடியாத, மற்றவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத, யாரும் வந்து விசாரிக்காத துக்கம். கருச்சிதைவு, விவாகரத்தான துணையின் மரணம் போன்றவற்றை அதில் சேர்ப்பார்கள். தாத்தா பாட்டியின் சாவை நம் சமூகம் மறைப்பதில்லை, விமரிசையாகவே செய்கிறது. ஆனால் பேரனுடைய பங்கு மட்டும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகிறது. நண்பனாக நாம் எழுதும் நான்கு வரி அந்த இடத்துக்குப் போக வேண்டியது. இறந்தவரைப் பற்றி எழுதத் தெரியவில்லையே என்று தவிக்க வேண்டாம். எழுத வேண்டியது அவரைப் பற்றி இல்லை, அவருக்குப் பேரனாக இருந்தவனைப் பற்றி. அவனை நமக்கு நன்றாகத் தெரியும்.

இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். என் அக்கா மகன் கும்பகோணத்துக்காரன். சென்னையில் பொறியியல் படித்தபோது காங்கேயம் பக்கத்துப் பையன் ஒருவனோடு விடுதி அறையில் நான்கு வருடம் இருந்தான். இப்போது இவன் சென்னையில், அவன் பெங்களூரில். ஒருநாள் காலை அந்த நண்பனிடமிருந்து செய்தி: "அப்புச்சி தவறீட்டாருடா." கொங்குப் பக்கம் அம்மாவின் அப்பா அப்புச்சி. என் அக்கா மகன் எனக்குப் போன் போட்டு, "மாமா, அவங்க அப்புச்சியை நான் பார்த்ததே இல்லை. ஒண்ணு எழுதியிருக்கேன், சரியா பாருங்க" என்று வாசித்தான்.

"ஆழ்ந்த இரங்கல் மாப்ள. வயசு என்ன? எப்படி ஆச்சு? ரொம்ப நல்ல மனுஷன். வாழ வேண்டிய வயசெல்லாம் வாழ்ந்துட்டாரு, மனசைத் தேத்திக்கோ. ஏதாவது வேணும்னா சொல்லு."

நல்ல பையன், நல்ல எண்ணம். ஆனால் இந்த ஆறு வாக்கியத்தில் ஒன்றுகூட அந்த நண்பனுக்கென்று எழுதப்பட்டது இல்லை. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அதைவிட, சிலது அவனுக்குப் பாரமாகவே போய்ச் சேரும்.

கேள்விகளை எடுத்துக்கொள்வோம். வயசு என்ன, எப்படி ஆச்சு என்று நேரில் கேட்பது வழக்கம்தான். சாவு வீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, முந்தின நாள் ராத்திரி கஞ்சி குடித்ததிலிருந்து தொடங்கி முழுக் கதையையும் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படித் திரும்பத் திரும்பச் சொல்வதே அவருக்கு ஓர் ஆறுதல். செல்பேசியில் அது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பவனுக்கு நாற்பது பேரிடமிருந்து அதே கேள்வி. பதில் போடாவிட்டால் மரியாதையில்லை, போட்டால் ஒவ்வொரு முறையும் "ஹார்ட் அட்டாக்" என்று தட்ட வேண்டும். வயதைக் கேட்பதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. எண்பத்தாறு என்று பதில் வந்தால் நம் மனம் தன்னையறியாமல் "அப்ப சரி" என்று சொல்லிக்கொள்ளும். கேட்கப்பட்டவனுக்கும் அது தெரியும்.

"வாழ வேண்டிய வயசெல்லாம் வாழ்ந்துட்டாரு" என்பதும் அந்த இனம்தான். இதைச் சொல்ல உரிமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். இறந்தவரின் தம்பி சொல்லலாம், அவரோடு சீட்டாடிய பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லலாம். நண்பனே சொன்னால் நாம் ஆமாம் என்று கேட்டுக்கொள்ளலாம். அவரைப் பார்த்தேயிராத ஆள் அவர் போதுமான அளவு வாழ்ந்துவிட்டார் என்று தீர்ப்பு எழுதுவதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. "ரொம்ப நல்ல மனுஷன்" என்பதும் அப்படியே. உனக்கெப்படித் தெரியும் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ஆனாலும் படிக்கிறவனுக்கு அந்த வரி வழுக்கிக்கொண்டு போய்விடும்.

நான் அவனிடம் கேட்டேன்: "அவங்க அப்புச்சியைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?" "ஒண்ணுமே தெரியாது மாமா" என்றான். "அவன் சொல்லி ஏதாவது?" கொஞ்சம் யோசித்தான். பிறகு வரத் தொடங்கியது. நண்பனின் அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனதால் பத்தாவது வரை அவன் அப்புச்சி வீட்டிலேயே வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியானால் விடுதிக்கு அப்புச்சியின் போன் வரும். பழைய பட்டன் போனில் கத்திப் பேசுவார், அறை முழுக்கக் கேட்கும். ஒவ்வொரு வாரமும் அதே மூன்று கேள்விதான்: சாப்பிட்டயா கண்ணு, மழை பேஞ்சுதா, எப்ப வர்றே? சென்னையில் மழை பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன என்று அறையில் எல்லோரும் கிண்டல் செய்வார்களாம். அப்புறம் எண்ணெய். காங்கேயம் பக்கம் தேங்காய்க்குக் கேட்கவா வேண்டும். ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் செக்கில் ஆட்டிய எண்ணெய் ஒரு கேன் வரும். நான்கு பேரும் அதைத்தான் தலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

ஒன்றுமே தெரியாது என்றவனுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது. பெரும்பாலும் இப்படித்தான். நண்பர்களின் தாத்தா பாட்டிகளை நாம் நேரில் பார்ப்பதில்லை, ஆனால் அவர்கள் கொடுத்தனுப்பிய முறுக்கைத் தின்றிருப்போம், அவர்கள் சொன்னதாக ஒரு பழமொழியைக் கேட்டிருப்போம், போனில் குரலைக் கேட்டிருப்போம், அவர்கள் மருத்துவமனையில் இருந்தபோது நண்பன் லீவு போட்டதைப் பார்த்திருப்போம். நினைவுக்கு வரவில்லை என்றால் பழைய உரையாடலில் "பாட்டி" என்றோ "ஆச்சி" என்றோ தேடிப் பார்த்தால் ஏதாவது கிடைக்கும். அப்படிக் கிடைப்பதில் ஒன்றே ஒன்று போதும். சொத்துத் தகராறு, மாமாவோடு சண்டை, கோபத்தில் நண்பன் கொட்டியது ஆகியவற்றைத் தொடக்கூடாது. அவை நம்மிடம் சொல்லப்பட்டதே தவிர நாம் திருப்பிச் சொல்வதற்கில்லை.

அன்று கடைசியாக அவன் அனுப்பியது இது:

"மாப்ள, இப்பத்தான் பார்த்தேன். அப்புச்சியை நான் நேர்ல பார்த்ததில்ல. ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரி 'மழை பேஞ்சுதா கண்ணு'ன்னு அவர் கேக்கறது நம்ம ரூம்ல எல்லாருக்கும் பழக்கம். நாலு வருஷம் அவர் ஆட்டி அனுப்புன எண்ணெயைத்தான் நானும் தலைக்கு வெச்சேன். உன்னை வளர்த்தவர்னு தெரியும்டா. அம்மா கூடவே இரு. திரும்பி வர்றதுக்கு ஈரோட்லேர்ந்து டிக்கெட் நான் போடறேன், தேதி மட்டும் எப்பவாவது அனுப்பு. இதுக்கு இப்ப பதில் போட வேண்டாம்."

இதில் அழகான வரி ஒன்றும் இல்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. பார்த்ததில்லை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது. அதனால் அடுத்து வருவது எதுவும் பொய்யாகத் தெரிவதில்லை. அப்புச்சி என்று நண்பன் அழைத்த பெயரையே அழைக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். அப்பத்தா என்று அழைத்து வளர்ந்தவளுக்கு "உங்க கிராண்ட்மா" என்று எழுதினால் அது வேறு யாரோ போலிருக்கும். அம்மம்மா, அம்மாச்சி, ஆத்தா, நன்னி, தாத்தா என்று நண்பர் என்ன சொன்னாரோ அதையே எடுத்துக்கொண்டால் போதும். அவர் அனுப்பிய செய்தியிலேயே அந்தச் சொல் இருக்கும்.

"உன்னை வளர்த்தவர்னு தெரியும்" என்ற ஒரு வரிதான் இந்தச் செய்தியின் முதுகெலும்பு. தாத்தா செத்ததற்கு லீவா என்று உலகம் கேட்கும் இடத்தில், உனக்கு இது சின்ன இழப்பு இல்லை என்று ஒருவன் சாட்சி சொல்கிறான். துக்கத்தின் அளவை விவரிக்கவில்லை. "உன் வேதனை எனக்குப் புரிகிறது", "என் பாட்டி போனப்ப நானும் இப்படித்தான்" என்று தன் கதைக்குத் தாவவும் இல்லை. அந்தத் தாவலை நிறையப் பேர் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். முதல் நாளில் அது வேண்டாம். ஒரு மாதம் கழித்து டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்.

டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பது கேட்பதற்கு இதமாக இருக்கும், ஆனால் யாரும் அதை நம்பி எதையும் கேட்பதில்லை. என்ன வேண்டும் என்று யோசிக்கும் வேலையையும் துக்கத்தில் இருப்பவன் தலையிலேயே அது கட்டிவிடுகிறது. அதற்குப் பதில் ஒரே ஒரு வேலையைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். தத்கால் முன்பதிவு முந்தின நாள் காலை ஏசி வகுப்புக்குப் பத்து மணிக்கும் மற்றவற்றுக்குப் பதினொரு மணிக்கும் திறக்கும். அந்த நேரத்தில் நண்பன் காரியத்துக்கு வாழை இலை வாங்க நின்றுகொண்டிருப்பான். ஒரே அலுவலகம் என்றால் "வியாழக்கிழமை ரிப்போர்ட்டை நான் அனுப்பிடறேன்", ஒரே வீட்டில் தங்கியிருப்பவர் என்றால் "மோட்டார் போடறது, பால் நிறுத்தறது நான் பாத்துக்கறேன்". முடியாததைச் சொல்லக்கூடாது. எதுவுமே செய்ய முடியாத நிலையென்றால் அந்த வரியை விட்டுவிடலாம், ஒன்றும் குறைந்துபோகாது.

பதில் போட வேண்டாம் என்பதையும் விடாமல் எழுதுங்கள். மூன்றாம் நாள் அந்த நண்பனிடமிருந்து "17 நைட்" என்று மட்டும் வந்தது. நன்றி இல்லை, கைகூப்பு இல்லை. டிக்கெட் போடப்பட்டது. இப்படி எழுத முடிகிற ஆளாக நம்மை நினைக்கிறான் என்றால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"அம்மா கூடவே இரு" என்று ஒரு வரி இருந்ததே, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தாத்தா இறந்தால் நண்பனின் அம்மாவோ அப்பாவோ தன் பெற்றோரை இழக்கிறார். நிறையப் பேருக்குத் தாத்தா பாட்டியின் சாவில் நெஞ்சைப் பிசைவது அதுதான். எதற்கும் கலங்காத அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு அழுவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்திருப்பான். தாத்தாவோடு பெரிய ஒட்டுதல் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்குப் பார்த்த தாத்தா, பேச்சுவார்த்தையே இல்லாமல் போன பாட்டி, ஞாபகமறதி வந்து பேரப்பிள்ளைகளை அடையாளம் தெரியாமல் ஐந்தாறு வருடம் படுக்கையில் கிடந்த ஆச்சி. இத்தகைய இடங்களில் "உனக்குத் தாங்க முடியாத இழப்பு" என்று எழுதினால் நண்பன் நடிக்க வேண்டியதாகிவிடும். தனக்கு அழுகை வரவில்லையே என்ற உறுத்தல் ஏற்கெனவே அவனுக்கு இருக்கலாம். நமக்கு நிலவரம் தெரியவில்லை என்றால் துக்கத்தை அளக்காமல் விடுவது நல்லது. "செய்தி கேட்டேன். அப்பா எப்படி இருக்கார்? நீ எப்படி இருக்கே? முடியறப்ப சொல்லு" என்றால் போதும். அழுகிறவனும் அதற்குப் பதில் சொல்லலாம், அழாதவனும் சொல்லலாம்.

இறந்தவரைப் பற்றி உண்மையிலேயே ஒரு துளியும் தெரியாது, நண்பர் ஒருமுறைகூடப் பேசியதில்லை என்றாலும் இதே வழிதான். இல்லாத நினைவை உருவாக்கிக்கொள்ளத் தேவையில்லை. பின்னொரு நாளைக்கு ஒரு கேள்வியை மிச்சம் வைக்கலாம்: "நீ வந்ததுக்கப்புறம் உங்க ஆச்சியைப் பத்திச் சொல்லு, எனக்குக் கேக்கணும்." இதை உபசாரத்துக்காக எழுதினால் வேண்டாம். எழுதினால் பிறகு கேட்கவும் வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர் விஷயம் தனி. ரொறன்ரோவில் இருக்கும் பெண்ணுக்கு யாழ்ப்பாணத்தில் அம்மம்மா இறந்துபோகிறார். விசா, டிக்கெட், கைக்குழந்தை என்று ஏதோ ஒன்றால் போக முடியவில்லை. இப்போது இறுதிச் சடங்கை யூடியூபில் நேரலையாகப் போடுகிறார்கள். அங்கே காலை பத்து மணிக்குக் கிரியை தொடங்கினால் கோடைகாலத்தில் ரொறன்ரோவில் நள்ளிரவு பன்னிரண்டரை. குழந்தை எழுந்துவிடாமல், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, இருட்டில் தனியாக ஓர் ஆள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுற்றி அழுவதற்கு உறவு இல்லை, தொடுவதற்குக் கை இல்லை. இவருக்கு வேண்டியது "போயிருக்கலாமே" என்ற அங்கலாய்ப்பு இல்லை, "போகாட்டிப் பரவாயில்லை" என்ற சமாதானமும் இல்லை. போக முடியாதது ஒரு தனி வலி, அதை அப்படியே ஒப்புக்கொள்ளலாம்: "இந்த நேரம் அங்க நிக்க ஏலாமப் போனது எவ்வளவு கஷ்டம். நானும் முழிச்சுத்தான் இருக்கிறன், கதைக்கவேணும் போல இருந்தா எடு." பகலில் போகும் பத்துச் செய்தியைவிட, நேரலை ஓடும் அந்த நடுராத்திரியில் போய்ச் சேரும் ஒரு செய்தி அவருக்குப் பெரிது.

மதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளக்கும் மாலையும் போட்ட அஞ்சலிப் படத்தை முஸ்லிம் நண்பருக்குத் தட்டிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் படத்துக்கு மாலை போடும் வழக்கமே இல்லை, அடக்கமும் பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும். ஆகையால் செய்தியைத் தள்ளிப்போடாமல் உடனே எழுதிவிட வேண்டும். தாத்தா மேலிருந்து ஆசீர்வதிப்பார், ஆன்மா சாந்தியடையட்டும், அடுத்த பிறவி என்பவை எல்லாம் நண்பரின் நம்பிக்கையைச் சார்ந்தவை. நம்முடையதை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாத நண்பருக்கு எண்ணெய்க் கேன் பற்றிய வரி எந்தப் பிரார்த்தனையையும்விடப் பொருத்தமாக இருக்கும்.

செய்தி பிந்திவிட்டால்? இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிகிறது, இனிமேல் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டே பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். நேரில் துக்கம் விசாரிக்கப் போவதற்குச் செவ்வாய், வெள்ளி ஆகாது என்று நாள் பார்க்கும் வீடுகள் உண்டு. செல்பேசிச் செய்திக்கு அந்தக் கணக்குக் கிடையாது. "இப்பத்தான் தெரிஞ்சுது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்துவிடலாம். ஏன் தெரியவில்லை, யார் சொல்லவில்லை, குழுவைப் பார்க்காமல் விட்டது எப்படி என்று நீட்டினால் நண்பன் நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடும். பிந்தி வருவதில் ஒரு நன்மையும் உண்டு. முதல் மூன்று நாளில் வந்து குவிந்த செய்திகளை அவன் பாதிதான் படித்திருப்பான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாடகை நாற்காலிகள் வண்டியேறி, அவன் பெங்களூருக்குத் திரும்பி, யாரும் எதுவும் கேட்காத முதல் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் வரும் செய்தியை முழுதாகப் படிப்பான்.

தீபாவளி வரும்போது இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். துக்கம் நடந்த வீட்டில் அந்த ஒரு வருடம் பண்டிகை இல்லை. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். பலகாரம் உறவுக்காரர் வீட்டிலிருந்து வரும். மகன் வழிப் பேரன் என்றால் இது கட்டாயம், மகள் வழி என்றால் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். தெரியாவிட்டால் நண்பனிடமே "இந்த வருஷம் உங்களுக்குப் பண்டிகை உண்டா?" என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை. கேட்டதே ஒரு விசாரிப்பு. பண்டிகை இல்லையென்றால், காலை ஐந்து மணிக்கு எல்லோருக்கும் மொத்தமாகத் தட்டிவிடும் வாழ்த்துப் பட்டியலிலிருந்து அந்த ஓர் எண்ணை முந்தின நாளே எடுத்துவிட வேண்டும், பட்டாசு ஆடும் படத்தோடு நம் பெயரும் போய் அங்கே விழாதபடி. அடுத்த வருடம் மறக்காமல் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.